ஓய்வுபெறும் ஆசிரியருக்கு ஒரு மாணவியின் நன்றியுரை

பள்ளியில் நடக்கும் பணி நிறைவுப் பாராட்டு விழாவில் மாணவர் சார்பில் பேசுபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நிமிடம்தான். ஆசிரியர் எந்த ஆண்டு பணியில் சேர்ந்தார், எந்தெந்த ஊர்களில் வேலை பார்த்தார் என்பதையெல்லாம் தலைமை ஆசிரியர் முன்பே சொல்லிவிடுவார். வகுப்பறைக்குள் அவர் எப்படி இருந்தார் என்பதை மாணவரால் மட்டுமே சொல்ல முடியும். உரைக்கான பொருளை அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். கணக்கு ஆசிரியர் ஒருவருக்குப் பத்தாம் வகுப்பு மாணவி ஆற்றும் உரை இப்படி அமையலாம்:

“அவையோர் அனைவருக்கும் வணக்கம். ஐயா, எங்கள் நோட்டில் தப்பான கணக்கை நீங்கள் ஒருநாளும் முழுதாக அடித்ததில்லை. தப்பு தொடங்கிய வரியில் மட்டும் சிறிதாக ஒரு வட்டம் போடுவீர்கள். அதற்கு மேலே உள்ள வரிகள் சரி என்று எங்களுக்குப் புரிந்துவிடும். அரையாண்டுத் தேர்வில் நான் தோற்றபோது என் விடைத்தாளில் ஐந்து வட்டங்கள் இருந்தன. ஐந்தும் கழித்தல் குறியை மாற்றிப் போட்ட இடங்கள். எனக்குக் கணக்கே வராது என்று நினைத்திருந்தேன். வராதது ஒரு குறிதான் என்று அன்று தெரிந்துகொண்டேன். இப்போது என் கணக்கை நானே திருத்தும்போதும் வட்டம்தான் போடுகிறேன். இதைக் கற்றுக்கொடுத்த உங்களுக்கு எங்கள் வகுப்பின் சார்பில் நன்றி. நீங்கள் நல்ல உடல்நலத்தோடு நெடுங்காலம் வாழ வேண்டும். வணக்கம்.”

நிதானமாகப் பேசினால் இது ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். இன்னொரு நிகழ்ச்சியைச் சேர்க்கவும் இடம் உண்டு. ஆனால் அதுவும் இதே அளவு துல்லியமாக இருந்தால்தான் சேர்க்கலாம். ‘அன்பின் உருவம்’, ‘அறிவுச்சுடர்’ போன்ற அடைமொழிகள் இந்த உரையில் இல்லை. அவற்றை எந்த ஆசிரியருக்கும் சூட்டிவிடலாம் என்பதே காரணம். பெயரை மாற்றி இன்னொருவருக்கு வாசித்தாலும் பொருந்துகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. பொருந்தினால் உரையைத் திரும்ப எழுத வேண்டியதுதான்.

பலர் சறுக்குவது வினைச்சொல்லில். ‘மிகவும் நல்லவராக இருந்தார், எல்லோரையும் நேசித்தார்’ என்று படர்க்கையில், இறந்த காலத்தில் அடுக்கினால் பாராட்டு விழா இரங்கல் கூட்டம்போல் ஆகிவிடும். விழா நாயகரோ மாலையும் பொன்னாடையுமாக எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஆகவே அவரைப் பார்த்து ‘ஐயா, நீங்கள்’ என்றோ ‘அம்மா, நீங்கள்’ என்றோ நேராகப் பேசுவதே பொருத்தம். நடந்த நிகழ்ச்சியை இறந்த காலத்தில் சொல்லலாம். அவருடைய குணத்தை நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும்.

இதையே தேர்வில் எழுதும்போது தலைப்பு, விளிப்பு, முடிவில் நன்றி ஆகியவை தனித்தனியாகத் தெரிய வேண்டும். கேள்வியில் குறிப்புகள் தரப்பட்டிருந்தால் ஒன்றையும் விடக்கூடாது. மேடையில் பேசுபவர் மனப்பாடம் செய்ய வேண்டியது முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டுமே. நடுவில் வருவது அவருக்கே நடந்த நிகழ்ச்சி என்பதால் தாள் இல்லாமலே சொல்லிவிடலாம்.