பழைய புரொபோசலில் தங்கிவிடும் தகவல்கள்

2004 மார்ச்சில் அமெரிக்காவின் எஸ்.சி.ஓ. நிறுவனம் டைம்லர்கிறைஸ்லர் மீது வழக்குத் தொடுத்தது. அந்த மனுவின் வேர்ட் கோப்பை ஆராய்ந்தபோது, முந்தைய வரைவில் பேங்க் ஆஃப் அமெரிக்கா பிரதிவாதியாக இருந்தது தெரியவந்தது. மேலே பெயர் மாறியிருந்தும், கோப்புக்குள் பழைய பெயர் அழியவில்லை. ஒருவருக்கு எழுதிய புரொபோசலை இன்னொருவருக்குத் திருத்தி அனுப்புகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. பெயரைத் தேடி மாற்றினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் பெயரே இல்லாத எச்சங்கள்தான் அதிக இழப்பைத் தருகின்றன.

கோவையின் பம்பு நிறுவனம் ஒன்றுக்குத் தந்த கணினிப் பராமரிப்பு புரொபோசலை, திருப்பூர் பின்னலாடை நிறுவனம் ஒன்றுக்கு மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். Ctrl+H முழுப்பெயரை மாற்றிவிடும். பெயரின் சுருக்கத்தைத் தனியாகத் தேடினால்தான் கிடைக்கும். 'உங்கள் மூன்று கிளைகள்' என்ற வரியும், முடிந்துபோன விலைச் செல்லுபடித் தேதியும், பழையவருக்கு மட்டும் கொடுத்த தள்ளுபடியும் எந்தப் பெயர்த் தேடலிலும் சிக்காது. எக்செல்லிலிருந்து ஒட்டிய வரைபடம் இன்னும் மோசம். அதன் பின்னால் முழு விலைப்பட்டியலும் ஒளிந்திருக்கலாம். வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து Edit Data கொடுத்துப் பார்த்தால் தெரியும்.

பி.டி.எஃப். ஆக அனுப்பினால் போதாதா என்று கேட்பார்கள். திருத்தப் பதிவும் எக்செல் தாளும் பெரும்பாலும் அதில் போகாது, உண்மைதான். ஆனால் கோப்பின் Title பகுதியில் பழைய பெயர் இருந்தால், பி.டி.எஃப். திறக்கும்போது மேலே அதுவே தெரியக்கூடும். வேர்டில் File, Info, Check for Issues வழியாகச் செல்லும் Inspect Document கருத்துகளையும் திருத்தங்களையும் ஆசிரியர் பெயரையும் நீக்கும். ஆனால் ஒரு விலை யாருக்கு உரியது என்று அதற்குத் தெரியாது. ஆகவே வாடிக்கையாளர் விவரங்கள் எல்லாம் வெற்றிடமாக உள்ள மூலப்படிவம் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே தொடங்க வேண்டும். அதற்கு நேரம் ஏது என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் படிவத்தை ஒருமுறை செய்தால் போதும். பழைய கோப்பில் எச்சம் தேடும் வேலையோ ஒவ்வொரு முறையும் வரும்.

தவறு நடந்துவிட்டால் நேரம் முக்கியம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 5-ன்படி, எதிர்த்தரப்பு சம்மதத்தை அனுப்பும் முன் முன்மொழிவைத் திரும்பப் பெறலாம். அதனால் பழைய விலை இருப்பது தெரிந்த உடனே, முந்தைய புரொபோசலைத் திரும்பப் பெறுவதாக எழுத்தில் அறிவித்துவிட்டுத் திருத்தியதை அனுப்ப வேண்டும். எதிர்த்தரப்பு சம்மதித்த பின், ஒரு தரப்பின் தவறு என்பதற்காக மட்டும் ஒப்பந்தத்தை ரத்து செய்ய பிரிவு 22 இடம் தராது. பழைய வாடிக்கையாளரின் ரகசியம் வெளியாகியிருந்தால், அவருடன் செய்த ரகசியக்காப்பு ஒப்பந்தத்தின் கீழ் அவர் இழப்பீடு கேட்க முடியும். எனவே அவருக்கும் அன்றே தெரிவித்து, கோப்பைப் பெற்றவரிடம் அதை அழித்துவிட்டதாக எழுத்தில் உறுதி கேட்க வேண்டும்.