கணினி அறைச் சுவருக்கு எட்டு வரி

பள்ளிச் சுவரில் பாட்டு எழுதுவது நமக்குப் புதிதல்ல. கணினி அறைக்கு எழுதும்போது மட்டும் ‘பகிராதே, பேசாதே’ என்று இரண்டு கட்டளையோடு நிறுத்திவிடுகிறோம். அந்நியர் யார், பகிர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதைச் சொல்லாத பாட்டால் பிள்ளைக்கு என்ன பயன்? திருத்தணியில் ஆறாம், ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்து இந்த எட்டு வரியை எழுதினேன். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் உள்ள ஊர் என்பதால் கடினமான சொற்களைத் தவிர்த்தேன். இரண்டிரண்டு வரிக்கும் எதுகை உண்டு. முதல் வரி வாயில் வந்தால் அடுத்தது தானே வரும்.

கடவுச்சொல் உன்னது; காட்டாதே யாருக்கும்;
உடன்படிக்கும் தோழிக்கும் ஓதாதே ஒருநாளும்.

எழுந்திடும் முன்னாலே கணக்கைவிட்டு வெளியேறு;
அழுத்தாதே ‘சேமி’யைப் பொதுக்கணினி கேட்டாலும்.

பெயர்கேட்டு, படம்கேட்டு, ‘சொல்லாதே’ என்பவர்கள்
அயலார்தான், பலநாளாய்ப் பேசினாலும் அயலார்தான்.

சொல்லிவிட்டாய் என்றாலும் சோர்ந்துவிட வேண்டாமே;
இல்லத்தில், பள்ளியிலே, பத்து ஒன்பது எட்டில் சொல்.

தோழியை முதலிலேயே இழுத்ததற்குக் காரணம் உண்டு. முன்பின் தெரியாதவர் கேட்டால் பிள்ளை யோசிக்கும். ‘நீ என் ஃபிரெண்டுதானே, சொல்லு’ என்றால் சொல்லிவிடும். அடுத்த வாரம் சண்டை வந்தால், அந்தக் கணக்கிலிருந்து இந்தப் பிள்ளையின் பெயரில் யாருக்கு என்ன போகும் என்று சொல்ல முடியாது.

வாய்விட்டுச் சொல்லாமலே ஊகிக்க முடிகிற கடவுச்சொல்லும் சொன்னதற்குச் சமம்தான். மலைக்கோயிலுக்கு 365 படி என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவுக்கு வரும் வெளியூர்க்காரருக்கும் தெரியும். murugan365, thanigai365 என்று வைத்தால் முதல் இரண்டு முயற்சியிலேயே திறந்துவிடலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து நீளமாக வைப்பது நல்லது. அதற்கு உதாரணத்தை மட்டும் சுவரில் எழுதிவிடாதீர்கள். பாதி வகுப்பு அதையே வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது ஜோடி கணினி அறைக்கென்றே எழுதியது. வீட்டுக் கைபேசியில் ஒருவர் இருவர்தான் கை வைப்பார்கள். இங்கே ஒரே கணினியில், ஒரே விண்டோஸ் கணக்கில், வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். மின்னஞ்சலுக்குள் போனதும் உலாவி ‘Save password?’ என்று கேட்கும். ‘Save’ அழுத்திவிட்டால், அடுத்து உட்காரும் பிள்ளைக்கு அந்தத் தளத்தில் உலாவியே பெயரையும் கடவுச்சொல்லையும் நிரப்பிக் கொடுக்கும். கடவுச்சொல் என்னவென்று அவனுக்குத் தெரியவே வேண்டாம். ஆசிரியர் செய்யக்கூடியது எளிது: குரோமில் chrome://password-manager/passwords என்று தட்டிப் பார்த்தால், அந்தக் கணினியில் எந்தெந்தக் கணக்குகள் சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று வரிசையாகத் தெரியும். இருப்பவற்றை நீக்கிவிட்டு, அங்குள்ள அமைப்புகளில் சேமிக்கக் கேட்பதையே நிறுத்திவிடலாம். இதைச் செய்யாமல் பாட்டை மட்டும் மாட்டுவது அரைவேலை.

மூன்றாவதுதான் எனக்கு அதிகச் சிரமம் கொடுத்தது. ‘அந்நியரிடம் பேசாதே’ என்றால் பிள்ளைக்கு முரட்டு மீசை வைத்த யாரோ நினைவுக்கு வருகிறார். விளையாட்டுச் செயலியில் ஒரு மாதமாக உடன் விளையாடி, ‘நானும் செவன்த்துதான்’ என்று சொன்னவர் அந்நியராகவே படமாட்டார். அதனால் ஆளை வைத்து அடையாளம் காட்டாமல், கேட்பதை வைத்துக் காட்டினேன். முதலில் பெயர், பள்ளி. பிறகு ஒரு படம். பிறகு ‘வாட்ஸ்அப்புக்கு வா’. கடைசியில் ‘வீட்டில் சொல்லாதே’. இந்தக் கடைசிப் பேச்சு வந்துவிட்டால் வேறு சான்றே தேவையில்லை.

நான்காவதில் வரும் எண் குழந்தைகள் உதவி எண்ணான 1098. இலவசம், இரவிலும் எடுப்பார்கள். பணம் போயிருந்தால் 1930. மற்ற இணையக் குற்றங்களுக்கு cybercrime.gov.in தளத்தில் புகார் தரலாம். ‘சோர்ந்துவிட வேண்டாம்’ என்பதை எழுதிய பள்ளி அதன்படி நடக்க வேண்டும். ‘ஏன் பேசினாய்’ என்று ஒருமுறை அதட்டினால், அந்த வகுப்பில் அடுத்த பிள்ளை வாய் திறக்காது. ஆனால் ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்றும் ஆசிரியர் வாக்குக் கொடுக்கக் கூடாது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் என்று தெரியவந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும்; மறைப்பதே குற்றம்.

பதற்றத்தில் பெரியவர்கள் முதலில் செய்வது அந்த உரையாடலை அழிப்பதுதான். பயனர் பெயரும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு பிளாக் செய்யுங்கள். புகார் கொடுக்கப் போகும்போது முதலில் கேட்கப்போவது அதைத்தான். அந்தரங்கப் படம் ஏதும் இருந்தால் மட்டும் அதை நகலெடுக்காமல், யாருக்கும் அனுப்பாமல், அந்தக் கைபேசியையே போலீசாரிடம் காட்டுங்கள்.