திருமணத் தகவல் இணையதளத்தை எடைபோடுவது எப்படி?

திருமண இணையதளங்கள் லட்சக்கணக்கான வரன்கள் இருப்பதாக விளம்பரம் செய்கின்றன. அந்த எண்ணிக்கையை வைத்துத் தரத்தைக் கணிக்க முடியாது. பணம் கட்டுமுன் இலவசப் பதிவிலேயே சோதித்துப் பார்க்கலாம். வயது, ஊர், படிப்பு ஆகிய எதிர்பார்ப்புகளைப் பதிந்தபின் தளம் முதலில் காட்டும் 20 வரன்களை எடுத்துக்கொள்ள வேண்டும். அவற்றில் 8 எதிர்பார்ப்புக்கு வெளியே இருக்கின்றன, இன்னும் 7 பேர் மூன்று மாதமாகத் தளத்துக்குள் வரவே இல்லை என்று கொள்வோம். மிஞ்சுவது 5 வரன்கள்தான். கடைசியாக வந்த தேதியையே காட்டாத தளத்தில் இந்தக் கணக்கைப் போட வழியில்லை. அதுவே பெரிய குறை.

கட்டணத்தையும் இப்படியே பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு 4,500 ரூபாய், 30 தொலைபேசி எண்கள் என்றால் ஓர் எண்ணுக்கு 150 ரூபாய். பாதிப் பேர்தான் பேசுகிறார்கள் என்றால் அது 300 ஆகிவிடும். சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா என்பதையும் நிபந்தனைகளில் பார்ப்பது அவசியம்.

தனிவிவரங்களில் அதிகக் கவனம் கேட்பது ஜாதகம். பிறந்த தேதி, நேரம், ஊர், பெற்றோர் பெயர் எல்லாம் அந்த ஒரே தாளில் இருக்கின்றன. அதையும் புகைப்படத்தையும் அனுமதி பெற்றவருக்கு மட்டுமே காட்டும் வசதி இருக்க வேண்டும். இந்திய அரசு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பயனரின் அடையாளச் சான்றைத் தளங்கள் சரிபார்க்கச் சொல்கின்றன. திருமணம் முடிவானதும் பதிவை நீக்கிவிட்டு, உறவினர் ஒருவரின் கணக்கிலிருந்து தேடினால் அது உண்மையிலேயே மறைந்ததா என்பது தெரிந்துவிடும்.