யூக்ளிடின் வழிமுறையும் ஃபிபனாசி எண்களும்

இரு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் காண, பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்து, பின்னர் அச்சிறிய எண்ணை மீதியால் வகுத்து, மீதி சுழியாகும்வரை தொடர்வதே யூக்ளிடின் வழிமுறை. ஈவு பெரிதாயின் எண்கள் விரைந்து குறையும். ஈவு 1 எனில் மெல்லவே குறையும்.

21, 12 ஆகியவற்றிற்கு மூன்று வகுத்தல்கள் போதும். 21, 13 எனில் மீதிகள் 8, 5, 3, 2, 1, 0 என அமைவதால் ஆறு வகுத்தல்கள் தேவை. இறுதி வகுத்தலில் மட்டுமே ஈவு 2, பிறவற்றில் 1.

இதனைப் பின்னோக்கிக் காண்போம். இறுதி வகுஎண் குறைந்தது 1. அதனால் மீதியின்றி வகுபடும் எண் அதனினும் பெரிது. ஆதலின் குறைந்தது 2. ஈவு எங்கும் 1க்குக் குறையாது என்பதால், ஒவ்வொரு வகுத்தலிலும் வகுபடும் எண், வகுஎண்ணும் மீதியும் சேர்ந்த கூடுதலுக்குக் குறையாது. எனவே மிகச் சிறிய அளவில் கிடைப்பவை 1, 2, 3, 5, 8, 13, 21 என்னும் ஃபிபனாசி எண்களே. ஆறு வகுத்தல்கள் தேவைப்படின், சிறிய எண் 13க்குக் குறையாது.

இவ்வரிசையில் ஓரிலக்க எண்கள் ஐந்து. ஈரிலக்க எண்களும் ஐந்து. எத்தனை இலக்கமாயினும் ஐந்துக்கு மேல் இல்லை. ஆதலால் வகுத்தல்களின் எண்ணிக்கை, சிறிய எண்ணின் இலக்க எண்ணிக்கையைப்போல் ஐந்து மடங்கை மிஞ்சாது என 1844இல் காபிரியேல் லாமே நிறுவினார். சிறிய எண் நூறு இலக்கங்களைக் கொண்டிருப்பினும், 500 வகுத்தல்களுக்குள் விடை கிடைத்துவிடும்.