ஆசாரிக்குப் பத்து நாள், எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள்கூட இல்லை

வீடு கட்டுபவர் எல்லோரும் மேஸ்திரியிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எப்ப முடியும்?" மேஸ்திரி அனுபவத்தை வைத்து ஒரு மாதத்தைச் சொல்வார். அந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம். கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும். அந்தக் கணக்குக்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் கிரிட்டிகல் பாத் முறை.

இது பிறந்தது அமெரிக்காவில், 1950-களின் கடைசியில். டூபான்ட் ரசாயன நிறுவனத்தின் மார்கன் வாக்கரும், யூனிவாக் கணினியைத் தயாரித்த ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து உருவாக்கினார்கள். டூபான்ட்டின் லூயிவில் ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தினால் மறுபடி ஓட்டச் சராசரியாக 125 மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. இந்த முறையில் திட்டமிட்ட பிறகு அது 93 மணி நேரமாகக் குறைந்தது. அவர்கள் அதற்குக் கணினியைப் பயன்படுத்தினார்கள். ஒரு வீட்டுக்கு நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கமே போதும்.

தரைத்தளம் மட்டும் உள்ள ஒரு வீட்டுக்கு இன்று கூரை கான்கிரீட் போட்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சாவி கைக்கு வர எத்தனை நாள்? முதலில் மிச்சமிருக்கும் வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள், எது முடிந்தால் எதைத் தொடங்கலாம் என்று குறிக்க வேண்டும். முறையின் பாதிப் பலன் இங்கேயே கிடைத்துவிடும். பலரும் காத்திருப்பை வேலையாக எழுதுவதில்லை. கான்கிரீட் இறுகும் நாளும், பூச்சுக்குத் தண்ணீர் விடும் நாளும் ஆள் இல்லாமல் நடந்தாலும் காலண்டரில் நாள்தான்.

நம் வீட்டின் பட்டியல் இது. சென்ட்ரிங் பிரிக்க 14 நாள் பொறுக்க வேண்டும். பிரித்ததும் சுவரை வெட்டி வயரிங் பைப் புதைக்க 6 நாள். அதே நேரத்தில் பிளம்பர் தண்ணீர்க் குழாய் பதிக்க 4 நாள். இரண்டும் முடிந்த பிறகுதான் உள்பூச்சு, 12 நாள். அதன்பின் தரைக்கு டைல்ஸ், 8 நாள். தரை மட்டம் தெரிந்த பிறகே கதவு மாட்ட முடியும், அது 3 நாள். கடைசியில் பட்டியும் பெயின்ட்டும், உள்ளே தொடங்கி வெளியே முடிக்க 12 நாள். இதற்கிடையே தனியாக ஓடும் வேலைகள் இரண்டு. ஒன்று கதவு: மரம் வாங்க 5 நாள், ஆசாரி செய்து முடிக்க 25 நாள். இதை இன்றே தொடங்கலாம். இன்னொன்று வெளிப்பூச்சு: சென்ட்ரிங் பிரித்த பிறகு 10 நாள் வேலை, 7 நாள் தண்ணீர். அது ஆறிய பிறகே பெயின்ட்.

இப்போது முன்னோக்கிக் கூட்டுவோம். சென்ட்ரிங் 14-ஆம் நாள் முடிகிறது. வயரிங் 20-இல், பிளம்பிங் 18-இல். உள்பூச்சுக்கு இரண்டும் முடிந்திருக்க வேண்டும் என்பதால் பிந்திய நாளைத்தான் எடுக்க வேண்டும். ஆக உள்பூச்சு 20-இல் தொடங்கி 32-இல் முடியும். டைல்ஸ் 40-இல். ஆசாரியின் கதவு 30-ஆம் நாளே தயார். ஆனாலும் டைல்ஸுக்காகக் காத்திருந்து 43-இல் மாட்டி முடிகிறது. வெளிப்பூச்சு 31-இலேயே ஆறிவிட்டது. பெயின்ட் 43-இல் தொடங்கி 55-இல் முடிகிறது. ஒவ்வொரு வேலைக்கும் குறித்த நாளும் வரிசையும் மாறாதவரை, எத்தனை பேரை நிறுத்தினாலும் இந்த வீடு 55 நாளுக்கு முன் முடியாது.

அடுத்து அதே தாளில் பின்னோக்கி வர வேண்டும். 55-இல் முடிக்க, பெயின்ட் 43-இல் தொடங்கியாக வேண்டும். கதவு மாட்டுவது 40-இல், டைல்ஸ் 32-இல், உள்பூச்சு 20-இல் தொடங்க வேண்டும். வயரிங் 14-இல் தொடங்கியே தீர வேண்டும். முன்னோக்கிக் கணக்கிலும் அதே 14 வந்தது. இப்படி இரண்டு கணக்கிலும் ஒரே நாள் வரும் வேலைகள் கையிருப்பு இல்லாதவை. சென்ட்ரிங், வயரிங், உள்பூச்சு, டைல்ஸ், கதவு மாட்டல், பெயின்ட் என்ற இந்தச் சங்கிலிதான் கிரிட்டிகல் பாத். இதில் எது ஒரு நாள் தள்ளினாலும் வீடு ஒரு நாள் தள்ளும்.

மற்றவற்றுக்கு இரண்டு கணக்குக்கும் இடையே வித்தியாசம் வருகிறது. பிளம்பிங் 18-இல் முடியும், 20 வரை முடியலாம்: 2 நாள். வெளிப்பூச்சு 31-இல் ஆறும், 43 வரை பொறுக்கலாம்: 12 நாள். கதவு 30-இல் தயார், 40 வரை தாமதிக்கலாம்: 10 நாள். இந்தக் கையிருப்பு நாள்களுக்குத்தான் ஃப்ளோட் என்று பெயர்.

இதில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. கதவின் 10 நாள் ஃப்ளோட் மரம் வாங்குவதற்கும் எழுதப்படும், ஆசாரி வேலைக்கும் எழுதப்படும். ஆளுக்குப் பத்து என்று அதற்குப் பொருள் இல்லை. இருவருக்கும் சேர்த்தே பத்து. மரக்கடையில் வீட்டுக்காரர் 8 நாள் தாமதித்தால் ஆசாரிக்கு மிச்சம் 2. மூன்றாம் நாள் தாமதத்துக்கு ஆசாரியைத் திட்டுவது நியாயமில்லை.

அவசரப்படுத்தக் காசு செலவழிக்கும்போது இந்தக் கணக்கு நேரடியாகப் பணத்தை மிச்சப்படுத்துகிறது. வெளிப்பூச்சுக்குக் கூடுதல் ஆள் போட்டால் ஒரு நாள்கூடக் குறையாது. வயரிங்கில் ஆள் கூட்டி 6 நாளை 3 நாளாக்கினால்? மூன்று நாள் மிச்சம் என்று தோன்றும். உண்மையில் இரண்டுதான். வயரிங் 17-இல் முடிந்தாலும் பிளம்பர் 18-இல்தான் முடிப்பார். இப்போது பிளம்பிங் கிரிட்டிகல் பாதைக்குள் வந்துவிட்டது; வீடு 53 நாளில் முடியும். மூன்றாவது நாளுக்குக் கொடுத்த கூலி வீண். அதனால்தான் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இந்த முறை ஆள்களை எண்ணுவதில்லை. உள்பூச்சும் வெளிப்பூச்சும் ஒரே கொத்தனார் குழு செய்வதானால் நம் தாளில் அது தெரியாது. வெளிப்பூச்சை முழுவதும் முடித்துவிட்டுத்தான் உள்ளே வருவேன் என்று குழு நின்றால், உள்பூச்சு 20-க்குப் பதில் 24-இல் தொடங்கும். வீடு 59 நாளாகிவிடும். ஃப்ளோட் தெரிந்த மேஸ்திரி வேறு மாதிரி செய்வார். வயரிங் நடக்கும் 6 நாளும் வெளிச்சுவரைப் பூசச் சொல்வார். 20-இல் குழுவை உள்ளே இழுப்பார். 32-இல் வெளியே திரும்பி மிச்சமிருக்கும் 4 நாள் வேலை, பிறகு 7 நாள் தண்ணீர், சரியாக 43. ஒரே குழு, அதே 55 நாள். ஆனால் வெளிப்பூச்சின் 12 நாள் கையிருப்பும் தீர்ந்துவிட்டது. நடுவில் இரண்டு நாள் மழை பெய்தால் வீடும் இரண்டு நாள் தள்ளும்.

வீட்டு வேலை தொடங்கப்போகிறவர்கள் மேஸ்திரியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து இந்தத் தாளை எழுதிவிடுங்கள். முடியும் தேதியோடு நிறுத்தாமல், எந்தெந்த வேலைக்கு ஒரு நாள்கூட இடமில்லை என்று கேட்டு, அவற்றுக்குச் சிவப்பு மை அடித்து வையுங்கள்.