குமிழிக்குள் என்ன இருக்கிறது?

கொதிக்கும் நீரில் இடைவிடாமல் எழும் பெரிய குமிழ்களுக்குள் இருப்பது எது? (அ) காற்று (ஆ) ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் (இ) வெப்பம் (ஈ) நீராவி.

விடை ‘ஈ’. நீர் 100 டிகிரி செல்சியசில் ஆவியாகிறது என்று எழுதிவிட்டு விடைக்குறிப்பு அடுத்த வினாவுக்குப் போய்விடும். ‘அ’வைத் தேர்ந்தெடுத்த மாணவருக்கு அதனால் பயனில்லை. நீர் ஆவியாகும் என்பது அவருக்கும் தெரியும்; குமிழியில் காற்று இருப்பதாகவும் அவர் நம்புகிறார். இரண்டும் மோதாமல் மனத்தில் அருகருகே தங்கிவிடுகின்றன. மேலே உள்ள தவறான விடைகள் கற்பனையானவை அல்ல. நியூசிலாந்தில் ஆஸ்போர்னும் காஸ்குரோவும் நடத்தி 1983இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் உண்மையாகவே சொன்னவை.

‘காற்று’ என்பதை மறுக்கத்தான் அதிகக் கவனம் வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை. நீர் சூடாகத் தொடங்கியதும் பாத்திரத்தின் சுவரில் ஒட்டும் சிறு குமிழ்களில் பெரும்பாலும் கரைந்திருந்த காற்றுதான் இருக்கிறது. மாணவர் கண்டது சரி என்று முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு அளவைக் காட்ட வேண்டும். அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் காற்று ஏறத்தாழ 20 மில்லிலிட்டர்தான்; அது விரைவில் வெளியேறிவிடும். குமிழ்களோ நீர் முழுதும் வற்றும்வரை வருகின்றன. அந்த ஒரு லிட்டர் நீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேல் இடம் பிடிக்கும்.

‘ஆ’ வேறு வகைப் பிழை. H₂O என்ற வாய்பாட்டைக் கற்றவருக்கே இது தோன்றும். கொதிக்கும்போது மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. எந்த மூலக்கூறும் உடைவதில்லை. 18 கிராம் நீரை ஆவியாக்க 41 கிலோஜூல் போதும். அதையே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க 286 கிலோஜூல், அதாவது ஏழு மடங்கு வேண்டும். இந்த எண்கள் புரியாத வகுப்பில் ஒரு மூடி போதும்: அதில் படிவது தண்ணீர். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வந்திருந்தால் அவை குளிர்ந்த மூடியில் பட்டதும் நீராக மாறியிருக்காது. அடுப்புச் சுடரில் பட்டுத் தீப்பற்றியிருக்கும்.

‘வெப்பம்’ என்ற விடை, ஆற்றலைப் பொருளாக எண்ணுவதால் வருகிறது. குமிழி நீரைத் தள்ளி இடம் பிடிக்கிறது. வெப்பத்துக்கு அப்படிக் கன அளவு கிடையாது. அது திரவத்தை ஆவியாக்கும் ஆற்றல். குமிழியை நிரப்பும் பொருள் அல்ல.

விளக்கம் பதிந்ததா என்பதை அதே வினாவைத் திரும்பக் கேட்டு அறிய முடியாது, எழுத்து நினைவிலிருக்கும். நன்கு கொதிக்கவைத்த நீரை மூடி ஆறவைத்து உடனே மறுபடி கொதிக்கவைத்தால் என்ன நடக்கும் என்று கேட்கலாம். தொடக்கத்துச் சிறு குமிழ்கள் குறையும், பெரிய குமிழ்கள் முன்போலவே எழும் என்பவருக்குக் காற்றும் ஆவியும் பிரிந்து தெரிகின்றன. குமிழ்களே வராது என்று சொல்பவர் ‘ஈ’ என்று எழுதினாலும் இன்னும் ‘அ’வில்தான் இருக்கிறார்.