சிறைக்கு அனுப்ப முடியாத குற்றவாளி

இந்தியக் குற்றவியல் சட்டத்தில் 'நபர்' என்ற சொல்லுக்குள் கம்பெனியும் அடங்கும். 1860-இன் தண்டனைச் சட்டம் அப்படித்தான் சொன்னது; இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவும் அதையே சொல்கிறது. எனவே இயக்குநர் மீது மட்டுமல்லாமல், கம்பெனியின் பெயரிலேயே குற்ற வழக்குத் தொடரலாம்.

ஆனால் ஒரு குற்றத்துக்குச் சிறை, அபராதம் இரண்டையும் கட்டாயம் விதிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னால் என்ன செய்வது? கம்பெனியைச் சிறையில் அடைக்க முடியாது. அபராதம் மட்டும் விதிப்பது சட்டத்தைத் திருத்தி எழுதுவதாகும் என்று கருதி, இத்தகைய குற்றங்களில் கம்பெனி மீது வழக்கே செல்லாது என உச்ச நீதிமன்றம் 2003-இல் வேலியப்பா டெக்ஸ்டைல்ஸ் வழக்கில் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது.

அடுத்து ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கியின் வழக்கு வந்தது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அமலாக்கத் துறை எடுத்த நடவடிக்கையை வங்கி எதிர்த்தது. அச்சட்டத்தில், மீறலின் தொகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் சிறையும் அபராதமும் கட்டாயம். தாண்டாவிட்டால் சிறையோ அபராதமோ போதும். பழைய தீர்ப்பின்படி பார்த்தால், ஐம்பதாயிரம் ரூபாய்க்குத் தவறு செய்த கம்பெனி கூண்டில் நிற்கும், ஐம்பது கோடிக்குச் செய்தது தப்பிவிடும். எந்தச் சட்டமன்றமும் இதை நினைத்துச் சட்டம் இயற்றியிருக்காது. 2005-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், பழைய தீர்ப்பைத் தள்ளிவைத்தது: கம்பெனி மீது வழக்குத் தொடரலாம், சிறை விதிக்க இயலாத இடத்தில் அபராதம் மட்டும் விதிக்கலாம். வங்கி குற்றம் செய்ததா என்பது அந்த அமர்வின் முன்னிருந்த கேள்வி அல்ல. மரணமோ சிறையோ மட்டுமே தண்டனையாக உள்ள, அபராதத்துக்கு இடமில்லாத குற்றங்களுக்கு மட்டும் கம்பெனி மீது வழக்குத் தொடர முடியாது.

அடுத்த சிக்கல் மனம் பற்றியது. மோசடிக்கு ஏமாற்றும் எண்ணம் வேண்டும். கம்பெனிக்கு எண்ணம் ஏது? 2010-இல் இரிடியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை தந்தது. கம்பெனியின் நடவடிக்கைகளைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்களின் எண்ணமே கம்பெனியின் எண்ணம். கிளையில் வேலை பார்க்கும் எழுத்தரின் எண்ணம் அப்படி ஆகிவிடாது.

இதைத் தலைகீழாக்க முடியாது என்று சுனில் பாரதி மிட்டல் வழக்கில் 2015-இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கம்பெனி குற்றம் சாட்டப்பட்டது என்பதற்காக மட்டும் அதன் தலைவரைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. குற்ற எண்ணத்தோடு அவரே செயல்பட்டதற்குப் போதிய ஆதாரம் இருக்க வேண்டும். அல்லது காசோலை திரும்பும் வழக்குகளில் உள்ளதுபோல, பொறுப்பில் இருப்பவரையும் குற்றவாளியாகக் கருதும்படி சட்டமே சொல்லியிருக்க வேண்டும்.